எட்டுக் கோப்பையை ஒன்றாக்கிய கசாயமும் என் வயிறும்

எங்கள் வீடு நுவரெலியா மலையில், கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஆனி மாதம் பிறந்துவிட்டால் மழை விடுவதே இல்லை. இஸ்தோப்பில் காயப்போட்ட துணி மூன்று நாள் போனாலும் ஈரமாகவே கிடக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குத் தடிமன் என்றால் அடுத்த வாரம் வகுப்பு முழுக்க மூக்கை உறிஞ்சும். அதற்கடுத்து எனக்கு. பதினான்கு வருடமாக டீச்சராக இருக்கிறேன், எந்த வருடமும் தப்பியது கிடையாது.

தடிமன் வந்தால் எங்கள் வீட்டில் முதல் மருந்து கசாயம். வட இந்தியாவில் இதையே காடா என்கிறார்கள். இங்கே சிங்களச் சனம் பஸ்பங்குவ என்று சொல்லும் ஐந்து சரக்குப் பொதி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கொத்தமல்லி, இஞ்சி அல்லது சுக்கு, பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் ஆகிய ஐந்தும் அதில் இருக்கும். எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி ஒரு கோப்பையாக வற்ற விட வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் பழைய கணக்கு. அந்த ஒரு கோப்பையைக் காலையில் அரை, மாலையில் அரை என்று பிரித்துக் குடிக்க வேண்டும். அந்தப் பிரிப்பைத்தான் நாங்கள் மறந்துவிட்டோம். எனக்கு வந்த வினை அங்கிருந்துதான் தொடங்கியது.

என் மாமியார் கசாயம் அவிப்பதை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மண்சட்டியில் ஒரே ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றுவார். விளக்குமாற்றில் இருந்து ஈர்க்கு ஒன்றை உருவிக் கழுவி, சட்டிக்குள் நட்டு நிறுத்துவார். தண்ணீர் எட்டும் இடத்தில் நகத்தால் கீறி, அந்த இடத்தை லேசாக மடித்து வைப்பார். பிறகு மீதி ஏழு கோப்பையையும் ஊற்றி, இடித்த சரக்கைப் போட்டு, கவ்வாத்து மிலாறு விறகில் அடுப்பு மூட்டுவார். மூடி போடுவதில்லை. அடிக்கடி ஈர்க்கை விட்டுப் பார்ப்பார். மடிப்பு வரைக்கும் நனைந்தால் இறக்கிவிடுவார். கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார்.

இது சரியான முறைதான். எங்கள் உயரத்தில் நேரத்தை வைத்து அளந்தால் தப்பாகிவிடும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேலே 1,868 மீற்றரில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், நூறுக்குப் போகாது. அதோடு விறகு ஈரமாக இருக்கும், காற்று குளிராக இருக்கும். கொழும்பில் கேஸ் அடுப்பில் முக்கால் மணி நேரத்தில் வற்றுகிற சட்டி இங்கே இரண்டு மணி நேரம் எடுத்த நாளும் உண்டு. அதனால் எவ்வளவு நேரம் கொதித்தது என்று பார்க்காமல், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஈர்க்கு அதைச் சொல்லிவிடும்.

போன வருடம் ஆனியில் எனக்குத் தடிமன் பிடித்தபோது அத்தை பொதியில் உள்ளதோடு நிற்கவில்லை. "மலக் குளிருக்கு இது காணாது புள்ள" என்று ஒரு கை மிளகும், கட்டைவிரல் அளவு சுக்கும் கூடுதலாக இடித்துப் போட்டார். காலையில் ஒரு பொதி, பின்னேரம் ஒரு பொதி. விடியக்காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் முழு டம்ளர், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு டம்ளர், படுக்கப் போகும்போது ஒரு டம்ளர். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டியதை விட மிக அதிகம். மத்தியானம் மிஞ்சியதை இரவில் மறுபடியும் கொதிக்க வைப்பதால் அது இன்னும் வற்றி, தேன் மாதிரிக் கெட்டியாகி, நாக்கில் பட்டாலே சுள்ளென்று இருக்கும். அன்றைய டம்ளர்களில் அதுதான் கடுமையானது. அதைக் குடித்த கையோடு நான் படுத்துவிடுவேன்.

எனக்கு ஏற்கனவே கேஸ்டிக் வருத்தம் உண்டு. காலையில் ஒரு பிளேன்டியோடு ஓடி, ஒன்றரைக்குத்தான் சோறு தின்கிற பிழைப்பு. சில வருடத்துக்கு முன்பு கெமரா விட்டுப் பார்த்தபோது இரைப்பையின் உள்தோல் சிவந்திருக்கிறது என்றார்கள். அதைப் பற்றி அந்த வாரம் நான் நினைக்கவே இல்லை. கசாயம் நாட்டு மருந்துதானே, வயிற்றை என்ன செய்யப்போகிறது என்றுதான் இருந்தேன்.

உடம்பு நோவு தாங்காமல் டவுனில் ஒரு பார்மசியில் குளிசை கேட்டேன். டைக்ளோபெனாக் கொடுத்தார்கள். வயிற்றில் ஏதும் இருக்கிறதா என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் அதையும் கசாயத்தோடேயே விழுங்கினேன்.

நான்காம் நாள் மூக்கொழுகல் நின்றுவிட்டது. தும்மல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் இருமல் விடவில்லை. தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி. செருமிக்கொண்டே இருந்தேன், குரல் கரகரத்துப் போனது. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் அத்தை. நானும் அப்படித்தான் நம்பினேன். கசாயத்தைக் கூட்டினோம். இருமலும் கூடியது. ஏழாம் நாள் இரவு இரண்டு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் வந்து, மூச்சடைத்து எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சுக்குழியில் தணல் வைத்த மாதிரி எரிந்தது. அத்தை பதறிப்போய் அடுப்பு மூட்டப் போனார், இன்னும் கொஞ்சம் கசாயம் போட. அவருடைய கை பிடித்துத் தடுத்தது என் கணவர்தான்.

மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் அம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சுல சளி ஒண்ணும் இல்ல டீச்சர். இருமல் எப்ப கூடுது, நிக்கும்போதா படுக்கும்போதா?" என்று கேட்டார். படுக்கும்போது. "விடியக்காலை வாய் புளிக்குதா?" புளிக்கிறது. "மலம் தார் மாதிரிக் கறுப்பா போச்சா? வாந்தியில ரத்தம்?" இல்லை. என்ன குடித்தேன், என்ன விழுங்கினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கசாயத்தைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முதலில் அந்த நோக் குளிசையை நிறுத்தச் சொன்னார். இரைப்பையின் உள்தோலைக் காக்கிற பொருள் சுரப்பதை அந்த வகைக் குளிசை குறைத்துவிடும், அதற்கு மேலே சுக்கையும் மிளகையும் ஊற்றினால் எரியாமல் என்ன செய்யும் என்றார். நோவுக்குப் பரசிட்டமோல் மட்டும். ஒமெப்ரசோல் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, இரண்டு வாரத்துக்கு. கசாயம் அதுவரை வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

கசாயத்தை நிறுத்திய ஐந்தாம் நாள் எரிவு தணிந்தது. இருமல் முழுதாக விட இரண்டு வாரம் ஆனது. ஆக, நான்காம் நாளோடு என் தடிமன் முடிந்துபோயிருக்கிறது. அதற்குப் பிறகு நான் இருமியது இரைப்பைப் புளிப்பு மேலே ஏறித் தொண்டையைச் சுட்டதால். அந்த இருமலுக்கு மருந்தென்று நினைத்து, அதை உண்டாக்கிய தண்ணீரையே மறுபடியும் மறுபடியும் குடித்திருக்கிறேன்.

கசாயம் குடிக்கிற கேஸ்டிக்காரர் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். சளி இருமலையும் புளிப்பு இருமலையும் பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. தடிமனோடு வரும் இருமலில் மூக்கு அடைக்கும், தும்மல் இருக்கும், சளி வெளியே வரும், ஒரு வாரம் பத்து நாளில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வரும். புளிப்பால் வருவது வறட்டு இருமல். மூக்கு சுத்தமாக இருக்கும். சாப்பிட்ட பிறகும் படுத்த பிறகும் கூடும். காலையில் வாய் புளித்து, குரல் கம்மி, தொண்டையைச் செருமத் தோன்றும். கசாயம் குடித்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிந்தால் சந்தேகமே வேண்டாம். குடிக்கும்போது தொண்டையில் ஒரு சூடு இறங்குவது சாதாரணம், அது சில நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காமல் கீழே இறங்கித் தங்குகிற சூடுதான் கெட்டது. நெஞ்சு நோவு தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் அதைக் கேஸ்டிக் என்று நினைத்து வீட்டில் இருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கறுப்பு மலம், இரத்த வாந்தி இருந்தாலும் அப்படித்தான். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் விடாவிட்டால் காரணத்தை நாமே ஊகிக்காமல் நெஞ்சைக் காட்டிச் சளியைப் பரிசோதிக்க வேண்டும்.

ஆவணியில் மறுபடியும் தடிமன் வந்தது. வயிறு ஆறியிருந்தது. கசாயத்தை அடியோடு விட எனக்கு மனம் இல்லை. அந்தச் சூடும் வாசமும் அடைத்த மூக்குக்கு ஆறுதல், வறண்ட தொண்டைக்கு இதம். அது தடிமனை நேரத்துக்கு முன்பே விரட்டிவிடும் என்று மட்டும் இப்போது நான் நம்புவதில்லை. அது வைரஸ், அதன் நாள் கணக்கு முடிந்தால்தான் போகும். கசாயம் தருவது இதம் மட்டும் என்றால், அதைக் கடுமையாக அவிப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லையே. டொக்டர் அம்மாவிடம் கேட்டேன். லேசாக, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள், எரிந்தால் நிறுத்துங்கள் என்றார்.

முதல் நாள் வெறும் கொத்தமல்லி. ஒரு மேசைக்கரண்டி மல்லியை வாசம் வரும்வரை மட்டும் வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டி, மூன்று கோப்பைத் தண்ணீரில் போட்டு இரண்டு கோப்பையாகும் வரை அவித்தேன். கருக வறுத்தால் கசக்கும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி கழித்து ஒரு கோப்பை, பின்னேரம் ரொட்டி தின்றபிறகு ஒரு கோப்பை. எரிவு இல்லை. இரண்டாம் நாள் அதே அளவில் புதிதாக அவித்த மல்லித் தண்ணீரில் பச்சை இஞ்சி இரண்டு வட்டம், பத்து சத நாணயம் அளவுக்கு மெல்லியதாகச் சீவிப் போட்டேன். எரிவு இல்லை. மூன்றாம் நாள் ஐந்தே ஐந்து மிளகைத் தட்டிப் போட்டேன். குடித்து அரை மணி நேரம் ஆகவில்லை, நெஞ்சுக்குழி காந்தத் தொடங்கியது. அடுத்த நாள் மிளகை எடுத்துவிட்டு, இஞ்சிக்குப் பதில் சிறு சுக்குத் துண்டு போட்டேன். உடனே ஒன்றும் இல்லை. ஆனால் பின்னேரம் முழுக்க மெல்லிய சூடு ஒன்று வயிற்றில் குந்திக்கொண்டே இருந்தது.

பச்சை இஞ்சி ஒத்துக்கொண்டு சுக்கு ஒத்துக்கொள்ளாதது எனக்குப் புதிராக இருந்தது. எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர் விளக்கினார். இஞ்சி காயும்போதும் நீண்ட நேரம் சூடாகும்போதும் அதில் உள்ள ஜிஞ்சரோல் என்ற காரப்பொருள் ஷோகாவோல் என்ற இன்னும் காரமான ஒன்றாக மாறுகிறதாம். ஒரே கிழங்குதான், ஆனால் சுக்கானபோது உறைப்பு கூடிவிடுகிறது. அதை எட்டுக்கு ஒன்றாக வற்றவைத்தால் என் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இது என் வயிற்றின் கணக்கு. என் கணவருக்கு மிளகு பத்துப் போட்டாலும் ஒன்றும் செய்யாது, பச்சை இஞ்சிதான் ஏப்பமாக எதுக்களிக்கும். ஆகையால் என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரு நாளைக்கு ஒரு சரக்கு என்று சேர்த்துப் பார்ப்பதே நல்லது. ஐந்தையும் ஒன்றாகப் போட்டு எரிந்தால், எது எரித்தது என்று ஒரு நாளும் தெரியாது.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இப்படி. கேஸ்டிக் உள்ள எனக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மல்லித் தண்ணீர், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடிமன் கடுமையாக இருக்கிற மூன்று நாலு நாளைக்கு மட்டும். மூக்கு திறந்துவிட்டால் நிறுத்திவிடுவேன். தடிமன் வராமல் இருக்க என்று மழைக்காலம் முழுக்கத் தினமும் குடிப்பதில்லை. நாட்டு வைத்தியர்கள் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்வது வழக்கம்தான், வயிறு நன்றாக உள்ளவர்கள் அப்படிக் குடிக்கட்டும். துளசி போடுவதானால் சட்டியை இறக்கிய பிறகு போட்டு ஐந்து நிமிடம் மூடி வைக்கிறோம். கொதிக்க விட்டால் வாசம் எல்லாம் ஆவியோடு போய்விடும். தேசிக்காய் பிழிவதில்லை, அதுவும் புளிப்புத்தானே. கித்துள் கருப்பட்டி ஒரு கடி போதும். மிஞ்சியதை இரவுக்கு வைத்தாலும் ஆவி பறக்கும் அளவுக்குச் சுடவைக்கிறோமே தவிர மறுபடி கொதிக்க விடுவதில்லை. மறுநாளைக்கு எடுத்து வைப்பதே இல்லை. எங்கள் குளிரில் கெடாது என்று சொல்வார்கள். காலையில் மேலே ஏடு படர்ந்து, வழுவழுப்பாக ஒரு நாற்றம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இடையில் ஒரு தவறு நடக்கப் பார்த்தது. வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரம் நல்லது, கசாயத்தில் போட்டால் எரியாது என்று பக்கத்து லயத்து அக்கா சொல்ல, அத்தை ஒரு கட்டு வாங்கிவந்துவிட்டார். இனிப்பாக, தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தைக்குப் பிரஷர். அதிமதுரத்தைத் தொடர்ந்து குடித்தால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, பிரஷர் ஏறும். கிளினிக்கில் மருந்து எடுக்கப் போனபோது மிஸ்ஸி இதைச் சொல்லி, அத்தைக்கு அது வேண்டவே வேண்டாம் என்றார். நானும் விட்டுவிட்டேன். ஒரே சட்டியில் அவித்து வீட்டில் எல்லோருக்கும் ஊற்றுகிற பழக்கம் எங்களுடையது, அதனால் ஒருத்தருக்கு ஆகாதது சட்டிக்குள்ளேயே போகக் கூடாது. கர்ப்பிணி உள்ள வீட்டில் மரமஞ்சள் உள்ள பொதியை அவருக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் நக்கவும் கொடுக்கக் கூடாது.

அத்தைக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "இது கசாயமா புள்ள, மல்லி கழுவுன தண்ணி" என்று முகத்தைச் சுளித்தார். எனக்கும் அவருக்கும் அதில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை குறைந்தது உண்மை. அவர் அம்மா அவருக்குச் சொல்லிக் கொடுத்த கை அளவை நான் குறை சொல்கிறேன் என்று அவருக்கு வருத்தம். பொதியில் உள்ளபடி அரைக் கோப்பை, அரைக் கோப்பையாக நாம் குடித்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது, உங்கள் அம்மா முறை தப்பில்லை அத்தை, கூட்டிப் போட்டதும் கூட்டிக் குடித்ததும்தான் தப்பு என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

ஐப்பசியில் என் மகனுக்குத் தடிமன். அவனுக்கு ஒன்பது வயது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அத்தை அடுப்படியில் இருந்தார். சட்டியில் மூன்று கோப்பைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மல்லி, இரண்டு வட்டம் பச்சை இஞ்சி. மிளகு டப்பா ராக்கையில் மூடியபடி இருந்தது. அவர் ஈர்க்கைச் சட்டிக்குள் விட்டு எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் இரண்டு மடிப்பு இருந்தது. கீழே ஒன்று பழையது, கறுத்துப்போய். அதற்கு மேலே, இரண்டு கோப்பை நிற்கிற உயரத்தில், புதிதாக ஒன்று.

"மேல உள்ளது உனக்கும் பயலுக்கும்" என்றார் அத்தை.